வீட்டு வேலை செய்பவருக்குத் தீபாவளி போனஸுடன் ஒரு கடிதம்: எழுதும் முறையும் கொடுக்கும் முறையும்

தீபாவளிக்கு வீட்டு வேலை செய்பவருக்கு ஒரு மாதச் சம்பளத்தைப் போனஸாகக் கொடுப்பது சென்னையில் பல வீடுகளில் வழக்கமாக இருக்கிறது. பணத்தை மட்டும் கொடுக்காமல் நான்கு வரி எழுதியும் கொடுக்க வேண்டும் என்று நினைப்பவர்கள் பலர் என்னிடம் வரைவைக் காட்டியிருக்கிறார்கள். எல்லாமே நல்ல மனதோடு எழுதப்பட்டவைதான். ஆனால் அவற்றில் பெரும்பாலானவை, வசதியுள்ள ஒருவர் இல்லாத ஒருவருக்குப் பார்த்துக் கொடுப்பது போலவே படிக்கக் கிடைக்கின்றன. எழுதுகிறவர் தாம் கொடுப்பதைப் பற்றியும் வாங்குகிறவரின் தேவையைப் பற்றியும் எழுதிவிட்டு, அவர் ஒரு வருடம் செய்த வேலையைப் பற்றி ஒரு வரிகூட எழுதாமல் விடுவதே இதற்குக் காரணம். கீழே உள்ள வரிசையில் போனால் இந்தக் கோளாறு பெரும்பாலும் வராது.

1. கடிதத்துக்கு முன்பு தொகையை முடிவு செய்யுங்கள்

தொகை முடிவாகாமல் எழுத உட்கார்ந்தால், குறைவாகக் கொடுக்கிறோமோ என்ற கூச்சம் வரிகளில் ஏறிவிடும். "எங்களால் முடிந்தது", "ஏதோ சிறு தொகை" போன்ற சொற்கள் அந்தக் கூச்சத்திலிருந்துதான் வருகின்றன. ஆகவே முதலில் ஒரு கணக்கு வேண்டும். கேட்டால் விளக்கிச் சொல்லக்கூடிய கணக்காக அது இருக்க வேண்டும்.

எளிய கணக்கு ஒரு மாதச் சம்பளம். போனஸ் பற்றிய சட்டம் தனக்கு உட்பட்ட தொழிற்சாலைகளுக்கும் நிறுவனங்களுக்கும் வகுத்துள்ள குறைந்தபட்ச அளவு, ஆண்டுச் சம்பளத்தில் 8.33 சதவீதம், அதாவது பன்னிரண்டில் ஒரு பங்கு. அந்தச் சட்டம் வீடுகளுக்குப் பொருந்தாது என்றாலும், ஒரு மாதச் சம்பளம் என்பது நம் விருப்பத்துக்கு எடுத்த எண் அல்ல, மற்றத் தொழிலாளர்களுக்கும் இருக்கும் அளவுகோல் என்பது மனதில் இருந்தால், கொடுக்கும் கை தாராளமாக நடந்துகொள்வதாக எண்ணிக்கொள்ளாது.

நடுவில் சம்பளம் உயர்ந்திருந்தால் இப்போதைய சம்பளத்தையே அடிப்படையாக வையுங்கள். வேலைக்குச் சேர்ந்து ஒரு வருடம் ஆகாதவருக்கு, சேர்ந்த மாதங்களுக்கு ஏற்பக் கணக்கிட்டு மேல்நோக்கி முழுமையாக்கலாம். 4,500 ரூபாய் சம்பளத்தில் சேர்ந்து ஐந்து மாதம் ஆகியிருந்தால், 4,500-ஐப் பன்னிரண்டால் வகுத்து ஐந்தால் பெருக்க 1,875 ரூபாய் வரும். அதை 2,000 ஆகக் கொடுக்கலாம்.

இந்த இடத்தில் நடக்கும் பெரிய தவறு, முன்பணத்தைப் போனஸில் கழிப்பது. ஜூன் மாதம் பள்ளிக் கட்டணத்துக்காக வாங்கிய முன்பணத்தில் இரண்டு தவணை மீதி இருக்கிறது, அதைக் கழித்துக்கொண்டு மிச்சத்தைக் கொடுத்துவிடலாம் என்று தோன்றும். கணக்கில் பிழை இருக்காது. ஆனால் பண்டிகைக்கு வந்த உறையில் பாதிப் பணம் பழைய கடனுக்குப் போயிருந்தால், அதனுடன் வைத்த கடிதத்தில் எவ்வளவு நன்றி எழுதியிருந்தாலும் அது எடுபடாது. தவணையைப் பேசியபடி மாதச் சம்பளத்திலேயே பிடித்துக்கொள்ளுங்கள். வருடத்தில் எடுத்த லீவைக் கழிப்பதும் இதே வகைதான்.

2. கொடுக்கும் நாளை அடுத்து முடிவு செய்யுங்கள்

தீபாவளிக்கு முந்தைய நாள் மாலையில் கொடுக்கப்படும் போனஸ், வேலையின் பலன் என்ற தன்மையை இழந்து பண்டிகை இனாமாக மாறிவிடுகிறது. அதற்குள் வாங்க வேண்டியதெல்லாம் வாங்கி முடிந்திருக்கும். பெரும்பாலும் வட்டிக்கோ தவணைக்கோ வாங்கியிருப்பார்கள். தையல்காரர்கள் ஜாக்கெட்டுக்கும் பாவாடை சட்டைக்கும் பண்டிகைக்கு வெகு முன்பே துணி வாங்குவதை நிறுத்திவிடுகிறார்கள். இரண்டு வாரத்துக்கு முன்பே பணம் கைக்கு வந்தால்தான் அவர் தம் விருப்பப்படி அதைச் செலவிட முடியும்.

நாட்காட்டியையும் பார்க்க வேண்டும். 2024-இல் தீபாவளி அக்டோபர் 31-ஆம் தேதி வந்தது. அக்டோபர் மாதச் சம்பளம் பண்டிகை முடிந்துதான் கிடைக்கும் என்ற நிலையில், போனஸும் கடைசி நாளில் வந்திருந்தால் அந்த வீட்டில் பண்டிகைக் கடன் நிச்சயம். மாதக் கடைசியில் தீபாவளி வரும் ஆண்டுகளில் போனஸை அந்த மாதத்தின் நடுவிலேயே கொடுத்துவிடுங்கள்.

பண்டிகை எது என்பதையும் அவரை வைத்தே முடிவு செய்ய வேண்டும். கிறிஸ்தவராக இருந்தால் கிறிஸ்துமஸுக்கும், முஸ்லிமாக இருந்தால் ரம்ஜானுக்கும் வேண்டுமா என்று நேராகக் கேட்டுவிடலாம். உடன் வேலை செய்பவர்கள் எல்லோரும் வாங்கும் நேரத்திலேயே தமக்கும் வேண்டும் என்று தீபாவளியையே சொல்பவர்களும் உண்டு. அப்படியானால் கடிதத்தில் வாழ்த்தின் வாசகத்தை மாற்றிக்கொண்டால் போதும்.

3. வேலையை உற்றுப் பாருங்கள்

முழு வேலையிலும் அதிக நேரம் எடுக்க வேண்டிய பகுதி இதுதான். பெரும்பாலானவர்கள் தாண்டிப் போகும் பகுதியும் இதுதான். "நீங்கள் நன்றாக வேலை செய்கிறீர்கள்" என்ற வரி யாருக்கும் பொருந்தும், ஆகவே யாரையும் தொடாது. என்ன செய்கிறார், எப்படிச் செய்கிறார், அதனால் வீட்டில் என்ன ஆகிறது என்ற மூன்றும் ஒரே இடத்தில் சேரும்போதுதான், தம் வேலையை ஒருவர் கவனித்திருக்கிறார் என்பது படிப்பவருக்குத் தெரியும்.

எழுதுவதற்கு ஒரு வாரம் முன்பிருந்தே அடுப்படியைக் கவனியுங்கள். ஒரு வீட்டில் என்னதான் எழுதுவது என்று தெரியாமல் இருந்தார்கள். நான் அங்கே கேட்ட கேள்வி ஒன்றுதான்: அவர் வந்த பிறகு எந்தத் தொல்லை நின்றது? கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, தோசை ஒட்டுவது நின்றுவிட்டது என்றார்கள். முன்பெல்லாம் இரும்புத் தோசைக்கல்லைப் பாத்திரங்களோடு சேர்த்துச் சோப்புப் போட்டுத் தேய்த்து ஈரத்தோடு கவிழ்த்து வைப்பார்களாம். காலையில் கல்லில் துருவின் நிறம் தெரியும், முதல் இரண்டு தோசை பிய்ந்து வரும். இப்போது வருபவர் கல்லை மட்டும் தனியாக எடுத்து, வெறும் தண்ணீரில் கழுவி, அடுப்பில் வைத்து ஈரம் போகச் சூடாக்கி, நல்லெண்ணெய் தொட்ட துணியால் ஒரு சுற்றுத் துடைத்து வைக்கிறார். யாரும் அவருக்கு இதைச் சொல்லித் தரவில்லை. கடிதத்துக்கு வேண்டியது அங்கேயே கிடைத்துவிட்டது.

இந்தக் கேள்வியை வீட்டில் ஒவ்வொருவரிடமும் கேளுங்கள். மிக்ஸி ஜாரின் பிளேடுக்கு அடியில் தேங்காய்த் துருவல் தங்கி நாற்றமெடுப்பது நின்றிருக்கும். குத்துவிளக்கு வெள்ளிக்கிழமைக்கு முன்பே புளி போட்டுத் துலக்கப்பட்டிருக்கும். பள்ளிக்கூடத்துக்குப் போகும் பிள்ளையின் சீருடையில் காலர் அழுக்கு இல்லாமல் இருக்கும். இரண்டு செய்திகள் போதும். ஒன்று நாள்தோறும் நடப்பதாகவும், மற்றொன்று அந்த வருடத்தில் குறிப்பிட்ட ஒரு சமயம் நடந்ததாகவும் இருந்தால் நல்லது. ஏனென்றால் முதலாவது அவருடைய தேர்ச்சியைச் சொல்கிறது, இரண்டாவது இந்த வருடத்துக் கடிதத்தைச் சென்ற வருடத்துக் கடிதத்திலிருந்து பிரிக்கிறது.

தேர்ந்தெடுக்கும்போது ஒரு எச்சரிக்கை வேண்டும். காய்ச்சலோடு வந்தார், முழங்கால் தண்ணீரில் நடந்து வந்தார் என்பவைதான் நினைவில் முதலில் எழும். அவற்றைப் பாராட்டி எழுதினால், அடுத்த மழையிலும் வருவார் என்று எதிர்பார்ப்பதாகவே அந்த வரி படிக்கப்படும். அவர் பட்ட சிரமத்துக்கு நன்றி சொல்ல வேண்டுமென்றால் அதை அன்றே வாயால் சொல்லி, மறுநாள் லீவு கொடுத்திருக்க வேண்டும். கடிதத்தில் அவருடைய கைத்திறனை எழுதுங்கள்.

4. யார் படிக்கப் போகிறார்கள் என்று யோசியுங்கள்

உங்கள் கடிதம் அவருடைய வீட்டுக்குப் போகும். அவர் எழுத்துக்கூட்டிப் படிப்பவராக இருந்தால் மகளோ மகனோ உரக்கப் படித்துக் காட்டுவார்கள். பக்கத்து வீட்டுக்காரர்கூடக் கேட்கக்கூடும். பிள்ளையின் வாயால் படிக்கப்படும்போது தாய்க்குத் தலை நிமிர வேண்டும். ஒவ்வொரு வரியையும் இந்த அளவுகோலில் வைத்துப் பார்த்தால், எதை நீக்க வேண்டும் என்பது தானாகத் தெரிந்துவிடும்.

இதிலிருந்தே இன்னொரு முடிவும் வருகிறது. தொகையைக் கடிதத்தில் எழுதாதீர்கள். எவ்வளவு வந்தது என்பதைக் கணவருக்கோ மாமியாருக்கோ தெரிவிப்பதும் தெரிவிக்காமல் இருப்பதும் அவருடைய உரிமை. கடிதத்தில் தொகை இருந்தால், அவர் கடிதத்தையே ஒளித்து வைக்க வேண்டிவரும். கணக்கைத் தனியாக ஒரு சிறு சீட்டில் எழுதி உறைக்குள் பணத்தோடு வையுங்கள். கடிதத்தை எல்லோருக்கும் காட்டலாம், சீட்டை அவர் மட்டும் வைத்துக்கொள்ளலாம்.

கோடு போட்ட தாளில், சற்றுப் பெரிய எழுத்தில், பேனாவால் எழுதுங்கள். சொற்களைச் சேர்த்து நீட்டாமல் சிறு வாக்கியங்களாக வையுங்கள். அவர் வேறு மொழி படிப்பவராக இருந்தால் அந்த மொழியில் எழுதத் தெரிந்தவரைக் கொண்டு எழுதச் செய்யலாம். எழுத்தே தெரியாதவராக இருந்தாலும் கடிதம் வீணாகாது. கொடுக்கும்போது நீங்களே படித்துக் காட்டிவிட்டுக் கையில் கொடுங்கள்.

5. அழைப்பு, வேலை, பணம், வாழ்த்து என்ற வரிசையில் எழுதுங்கள்

அழைப்பில் அவரை வீட்டில் எப்படி அழைக்கிறீர்களோ அதை எழுதுங்கள்: அக்கா, அம்மா, அண்ணி, எதுவானாலும் பெயரோடு சேர்த்து. உடன் வரும் வினை "நீங்கள்" என்பதற்குரியதாகவே இருக்க வேண்டும். இது வரை "நீ, வா, போ" என்று பேசி வந்த வீட்டிலிருந்து தாளில் மட்டும் "நீங்கள்" வந்தால் அது ஒட்டாமல் நிற்கும். அப்படிப்பட்ட வீட்டில் பேச்சை முதலில் மாற்றுங்கள், வீட்டுப் பிள்ளைகளின் பேச்சு உட்பட.

அடுத்து வேலை. பணத்துக்கு முன்பு வேலை வர வேண்டும், ஏனென்றால் படிப்பவருக்குப் பணம் வேலையைத் தொடர்ந்து வந்ததாகத் தெரிய வேண்டும். வரிசையை மாற்றி, பணத்தைச் சொல்லிவிட்டு வேலையைப் புகழ்ந்தால், கொடுத்ததற்குக் காரணம் தேடுவது போல ஆகிவிடும்.

பணத்துக்கு ஒரே வாக்கியம் போதும். "இந்த வருடத்துத் தீபாவளி போனஸ் இத்துடன் இருக்கிறது" என்பதில் குறை ஒன்றும் இல்லை. அன்பளிப்பு, உதவி, இனாம் என்ற சொற்கள் வேண்டாம். பண்டிகை நாட்களுக்கு விடுமுறை கொடுப்பதாக இருந்தால் இங்கேயே தேதியோடு எழுதிவிடுங்கள்; சம்பளம் பிடிக்கப்படாது என்பதையும் சொல்லுங்கள். சொல்லாவிட்டால் அவர் கேட்கத் தயங்குவார்.

கடைசியில் வாழ்த்து. அவருக்கும் அவர் வீட்டாருக்கும் ஒரு வரி. அதற்குக் கீழே வீட்டில் பெரியவர்கள் எல்லோரும் கையொப்பம் இடுவது நல்லது. பெரும்பாலான வீடுகளில் இந்தப் பொறுப்பு ஒரு பெண்ணின் தலையில் மட்டும் விழுவதால், மற்றவர்களும் வேலையை அறிந்திருக்கிறார்கள் என்று இதனால் தெரியும்.

6. ஒரு வரைவைத் திருத்திப் பார்ப்போம்

வழக்கமாக வரும் வரைவுகளைச் சேர்த்துப் பார்த்தால் இப்படி இருக்கும்:

"அன்புள்ள அக்கா, நீ எங்கள் வீட்டில் ஒருத்தி மாதிரி. உன் கஷ்டம் எங்களுக்குத் தெரியும். எங்களால் முடிந்த இந்தச் சிறு தொகையைப் பிள்ளைகளின் படிப்புக்கு வைத்துக்கொள். இத்தனை நாளில் ஒரு பொருள்கூடக் காணாமல் போனதில்லை. இனிமேலும் லீவு போடாமல் நல்லபடியாக வேலை செய்ய வேண்டும். கடவுள் உன்னை நன்றாக வைத்திருப்பார்."

எழுதியவருக்கு ஒவ்வொரு வரியும் பாசமாகவே தோன்றியிருக்கும். "வீட்டில் ஒருத்தி" என்பதை எழுதும் முன், அவர் எந்த டம்ளரில் காபி குடிக்கிறார், எங்கே உட்கார்ந்து சாப்பிடுகிறார் என்று பார்க்க வேண்டும். அவர் அதைத் தினமும் பார்க்கிறார். கஷ்டத்தைச் சொன்ன உடனே போனஸ் உதவித்தொகையாகிவிட்டது. படிப்புக்கு வைத்துக்கொள் என்பது, அவர் சம்பாதித்த பணத்தை எப்படிச் செலவிடுவது என்று நாம் சொல்வது. வளையல் வாங்கினால் என்ன?

பொருள் காணாமல் போகவில்லை என்ற வரிதான் இருப்பதிலேயே கொடியது. எண்ணிப் பார்த்துக்கொண்டே இருந்தோம் என்று அது சொல்கிறது. நேர்மையைப் பாராட்டுவதாக நினைத்து இதை எழுதுபவர்கள் பலர். அலுவலகத்தில் நமக்கு வரும் போனஸ் கடிதத்தில் "நீங்கள் இதுவரை எதையும் திருடவில்லை" என்று இருந்தால் எப்படி இருக்கும் என்று யோசித்தால் போதும். லீவு பற்றிய வரி, முடிந்த வருடத்துக்கான பணத்தை வரும் வருடத்துக்கான நிபந்தனையாக மாற்றிவிடுகிறது. லீவைப் பற்றிப் பேச வேண்டியிருந்தால் வேறொரு நாளில், நேரில் பேசுங்கள்.

மேலே சொன்ன தோசைக்கல் வீட்டில், மாதச் சம்பளம் 4,500 ரூபாய் என்று வைத்துக்கொண்டு எழுதினால் கடிதம் இப்படி அமையும். பெயரை நீங்கள் நிரப்பிக்கொள்ளுங்கள்:

"... அக்காவுக்கு வணக்கம்.

இந்த வருடம் எங்கள் வீட்டு வேலையை நீங்கள் பார்த்துக்கொண்ட விதத்துக்கு நன்றி. தோசைக்கல்லுக்குச் சோப்புப் போடாமல் கழுவி, காய வைத்து, எண்ணெய் தடவி வைக்கிறீர்கள். அதனால் காலையில் முதல் தோசையே ஒட்டாமல் வருகிறது. ஆடி மாதம் அம்மா கண் ஆபரேஷன் முடிந்து வீட்டுக்கு வந்தபோது, தரையைத் துடைத்த பிறகு காய்ந்த துணியால் இன்னொரு முறை துடைத்தீர்கள். அம்மா பயமில்லாமல் நடந்தார்கள்.

இந்த வருடத்துத் தீபாவளி போனஸ் இத்துடன் இருக்கிறது. கணக்கு தனிச் சீட்டில் இருக்கிறது. தீபாவளி அன்றும் மறுநாளும் உங்களுக்குச் சம்பளத்தோடு விடுமுறை.

உங்களுக்கும் வீட்டில் எல்லோருக்கும் தீபாவளி வாழ்த்துகள்."

சீட்டில்: "தீபாவளி போனஸ், ஒரு மாதச் சம்பளம்: 4,500 ரூபாய். துணிக்கு: 1,500 ரூபாய். மொத்தம்: 6,000 ரூபாய்."

துணிக்கான பணத்தைத் தனி வரியாக எழுதியிருப்பதைக் கவனியுங்கள். புடவையாக வாங்கிக் கொடுத்து அதன் விலையைப் போனஸில் கழிப்பவர்கள் உண்டு. அப்போது நிறமும் நம்முடையது, கடையும் நம்முடையது என்றாகிவிடும். புடவைதான் கொடுக்க வேண்டுமென்றால் அது போனஸுக்கு மேற்பட்டதாக இருக்கட்டும், அவர் விரும்பும் நிறத்தைக் கேட்டுக்கொண்டு வாங்குங்கள்.

7. உறையைக் கையில் கொடுங்கள்

வேலை தொடங்கும் முன்போ நடுவிலோ கொடுக்காமல், வேலை முடிந்து கை கழுவிய பிறகு கொடுங்கள். ஈரக் கையில் உறையை வாங்க நேர்ந்தால், அவர் அதைப் பிரிக்காமல் இடுப்பில் செருகிக்கொண்டு அடுத்த வீட்டுக்கு ஓட வேண்டியிருக்கும். மூன்று நான்கு வீடுகளில் வேலை செய்பவர்களுக்கு நேரம் இறுக்கமானது; ஆகவே முந்தைய நாளே, நாளைக்கு ஐந்து நிமிடம் இருக்க முடியுமா என்று கேட்டு வையுங்கள். உட்காரச் சொல்லி, நீங்களும் உட்கார்ந்து கொடுங்கள். பணத்தை அங்கேயே எண்ணிப் பார்த்துக்கொள்ளச் சொல்வதில் தவறில்லை. சம்பளத்தை எண்ணி வாங்குவது போலத்தான் இதுவும். விருந்தாளிகள் முன்னால் கொடுக்காதீர்கள், புகைப்படம் எடுக்காதீர்கள்.

போன் வழியாக அனுப்புவதாக இருந்தால், அந்த எண் யாருடைய வங்கிக் கணக்கோடு இணைந்திருக்கிறது என்று முதலில் கேளுங்கள். பல வீடுகளில் அது மகனுடைய கணக்காகவோ கணவருடைய கணக்காகவோ இருக்கிறது. அந்த நிலையில் ரொக்கமே சரி.

அதே நாளில் பழைய துணி மூட்டையையும், அலமாரியைக் காலி செய்தபோது கிடைத்த பாத்திரத்தையும் சேர்த்துக் கொடுக்கும் வழக்கத்தை விட்டுவிடுங்கள். அவர் கேட்டிருந்தால்கூட அவற்றை வேறொரு நாளில் கொடுக்கலாம். போனஸ் உறைக்குப் பக்கத்தில் வைக்கப்படும் பழைய பொருள் உறையின் அர்த்தத்தையே மாற்றிவிடும். இனிப்பு கொடுப்பதாக இருந்தால் உறவினர்களுக்கு வாங்கிய அதே பெட்டியில் ஒன்றை, பிரிக்காமல், பண்டிகைக்கு முன்பே கொடுங்கள். பண்டிகை முடிந்து மிஞ்சியதைக் கட்டிக் கொடுப்பது அதற்கு ஈடாகாது.

கடிதத்தில் எழுதிய விடுமுறை உண்மையிலேயே விடுமுறையாக இருக்க வேண்டும். இரண்டு நாள் பாத்திரங்களை, எண்ணெய்ச் சட்டியும் முறுக்கு அச்சும் உட்பட, சிங்க்கில் குவித்து வைத்துவிட்டு மூன்றாம் நாள் அவரை எதிர்கொண்டால், விடுமுறை நாளின் வேலையை அவர் சேர்த்துச் செய்கிறார் என்றுதான் அர்த்தம். அந்த இரண்டு நாளும் வீட்டில் இருப்பவர்கள் முறை வைத்துத் துலக்கிவிடுங்கள். பிறகு கணக்குச் சீட்டின் நகல் ஒன்றை எடுத்து வைத்துக்கொண்டு, அடுத்த மாதச் சம்பளத்தை வழக்கமான தேதியில், எதையும் போனஸோடு ஈடுகட்டாமல் முழுதாகக் கொடுங்கள்.